நாற்பதுக்கு இந்தப் பக்கம்

சிக்கந்தர் பாட்சா மத்தி ஆய்ந்துகொண்டிருந்தான். அரிவாள்மணையில் உட்காரத் தெரியவில்லை. ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி, மீனைத் தலைப்பக்கமாகப் பிடித்துக்கொண்டு செதிலை அதன் போக்கிலேயே தடவிக்கொண்டிருந்தான். ஒரு செதிலும் வரவில்லை.

சபியா பீவி அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வாயையும் மூக்கையும் முகக்கவசம் மறைத்திருந்தது. கண் மட்டும் சிரித்தது.

“வாலுலேர்ந்து தலைக்குப் போங்க. நீங்க அதுக்குத் தலை வாரி விட்டுக்கினு இருக்கீங்க.”

“நீ சும்மா இருடி. நைட்டி மடிக்கிற கை இது. மீன் ஆயற கையா?”

“நல்லா வேகணும். டாக்டரம்மா சொன்னாங்க இல்ல, எதுவும் அரைவேக்காடு ஆகாதுன்னு.”

“இத நான் ஆஞ்சு முடிக்கிறதுக்குள்ள அதுவே வெந்துடும் போல.”

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் அவன் நைட்டிக் கடை வைத்திருந்தான். தைப்பது சபியா. பதினேழு வருஷமாக வீட்டு முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெரம்பேர், செய்யூர்ப் பக்கத்திலிருந்து வரும் பெண்கள் கடையில் மாட்டியிருப்பதை விட்டுவிட்டு, “அக்கா தைச்சது இருந்தா குடுங்க, அந்தக் கழுத்து உறுத்தாது” என்று கேட்டு வாங்கிப்போவார்கள். இப்போது மெஷின்மேல் துப்பட்டி போர்த்திக் கிடந்தது. ஊசி, கத்தி, அரிவாள்மணை, மீன்முள் எதையும் அவள் தொடக்கூடாது. கீறினால் ரத்தம் நிற்காது. கீறல் வழியாகக் கிருமி போனால் எதிர்க்க உடம்பில் ஆள் இல்லை.

முதலில் வந்தது களைப்பு. மாடியில் துணி காயப்போட்டு இறங்கினால் நெஞ்சு அடித்துக்கொண்டது. நோன்பு வைத்த களைப்பு என்று நினைத்தாள். நோன்பு முடிந்து பெருநாளும் போயிற்று, களைப்பு போகவில்லை. பிறகு தொடையில் நீலநீலமாய்த் திட்டுகள். மெஷின் பலகை இடித்திருக்கும் என்று அதையும் விட்டாள். ஒருநாள் பல் துலக்கி உமிழ்ந்தது முழுக்கச் சிவப்பு. அன்று சாயந்திரமே காய்ச்சல்.

தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன என்று பக்கத்து லேபில் சொன்னதும் தெருவே டெங்கு என்று முடிவுகட்டியது. ஆளுக்கொரு கட்டு பப்பாளி இலை வந்தது. மகள் நிலோஃபர் மிக்ஸியில் அடித்துப் பிழிந்து கொடுத்தாள். அந்தக் கசப்பை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள் சபியா. தட்டணு ஏறவில்லை. மறுபடி எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்த திண்டிவனத்து டாக்டர், “டெங்கு மாதிரி தெரியலம்மா. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூணுமே இறங்கியிருக்கு. விழுப்புரம் போயிடுங்க. இன்னைக்கே” என்றார்.

விழுப்புரத்தில் ரத்தநோய் மருத்துவர் செண்பகம். ஐம்பது வயதுக்காரர். குரல் மெல்லியது, கேள்விகள் கறார். என்னென்ன மாத்திரை போட்டீர்கள், நாட்டு மருந்து ஏதாவது, மஞ்சள்காமாலை வந்ததா, பூச்சிமருந்து அடிக்கும் வயலில் வேலை செய்ததுண்டா, வீட்டில் யாருக்காவது இப்படி ஆனதா. பப்பாளி இலைச் சாற்றைத் தவிர எல்லாவற்றுக்கும் இல்லையென்று தலையை ஆட்டினாள் சபியா. இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்ட பிறகும், உள்ளே எதையோ பிடுங்குவதுபோல் இழுத்தது. ரெண்டு நாளைக்கு மல்லாந்து படுக்க முடியவில்லை.

ரிப்போர்ட் வந்த நாளில் அண்ணன் கலீல் ரஹ்மானும் வந்திருந்தார். விழுப்புரத்திலேயே ஆட்டோ உதிரிபாகக் கடை அவருக்கு. வந்ததிலிருந்து முழுக்கைச் சட்டையை மடித்து விட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

“கேன்சரா டாக்டரம்மா?” என்று கேட்டான் சிக்கந்தர். அந்த வார்த்தையைச் சொல்ல அவனுக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது.

“இல்லைங்க. கேன்சர்னா மஜ்ஜையில கெட்ட செல்லு நெரிச்சிக்கிட்டு நிக்கும். இவங்களுக்கு மஜ்ஜை காலியா இருக்கு.” செண்பகம் ஒரு படத்தைத் திருப்பிக் காட்டினார். ஊதா நிறத்தில் அங்கொன்று இங்கொன்றாகச் சில புள்ளிகள். மிச்சமெல்லாம் வெள்ளை வட்டங்கள். “இந்த வெள்ளையெல்லாம் கொழுப்பு. ரத்தம் ஊறவேண்டிய இடத்துல கொழுப்பு வந்து உக்காந்துடுச்சு.”

“மூணும் ஏன் ஒண்ணா கொறையுது? ஒண்ணு கொறஞ்சா ஒண்ணு இருக்கலாம்ல?” என்றார் கலீல்.

“மூணுக்கும் தாய் ஒண்ணுதான். மஜ்ஜையில தாய்ச்செல்லுன்னு இருக்கு. அது பெருகிப் பெருகி, ஒரு பங்கு சிவப்பணுவா மாறும், ஒரு பங்கு வெள்ளையணு, ஒரு பங்கு தட்டணு. அந்தத் தாய்ச்செல்லே அழிஞ்சுட்டா மூணும் நின்னுடும். சிவப்பு இல்லாததால மூச்சு வாங்குது. வெள்ளை இல்லாததால காய்ச்சல். தட்டணு இல்லாததால பல்லுல ரத்தம், தொடையில நீலம். வெவ்வேற நோய் மாதிரி தெரியும், காரணம் ஒண்ணு.”

சபியா யோசித்துவிட்டுச் சொன்னாள்: “சட்டை, பாவாடை, நைட்டி மூணும் ஒரே நாள்ல கடையில தீந்துபோன மாதிரி. தையக்காரங்க மேல தப்பில்ல. துணி வரல.”

“அதேதான்” என்று டாக்டர் சிரித்தார். “துணியை எரிச்சது யாருன்னா, பெரும்பாலும் உங்க உடம்போட காவல்காரனேதான். கிருமியைத் தாக்கவேண்டிய ஒரு வகை வெள்ளையணு, ஏனோ குழம்பிப்போய், சொந்தத் தாய்ச்செல்லைத் தாக்கிடுச்சு. ஏன் குழம்புதுன்னு நிறையப் பேருக்குக் கண்டுபிடிக்க முடியறதில்ல. நீங்க எதுவும் தப்பு பண்ணலம்மா.”

ரத்தம் ஏற்ற வேண்டும் என்றதும் கலீல் கையை நீட்டினார். “எடுத்துக்குங்க. என் தங்கச்சிக்கு வெளியாள் ரத்தம் வேணாம். நான் இருக்கேன், என் பசங்க இருக்கானுங்க.”

“உங்க ரத்தம்தான் வேணாம்” என்றார் செண்பகம்.

கலீலின் முகம் விழுந்தது. தங்கைக்கு ரத்தம் கொடுக்க முதல் ஆளாய் நிற்பது அண்ணனுக்குரிய மரியாதை என்று, வழியிலேயே நாலு பேருக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டு வந்தவர் அவர்.

“கோவப்படாதீங்க. நாளைக்கு உங்க மஜ்ஜையையோ, இன்னொரு கூடப்பிறந்தவங்க மஜ்ஜையையோ இவங்களுக்கு வைக்கிற மாதிரி வரலாம். இப்பவே சொந்தக்காரங்க ரத்தம் உள்ள போனா, உடம்பு அதை அடையாளம் வெச்சிக்கும். அப்புறம் மஜ்ஜை வைக்கும்போது, இவன் அவன்தான்னு எதிர்த்துத் தள்ளிடும். வெளியாள் ரத்தமே போதும். அதையும் வெள்ளையணு வடிகட்டி, கதிர் காட்டித்தான் ஏத்துவோம்.”

கலீல் வெளியே போய், ரத்த வங்கியில் முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்காக ரத்தம் கொடுத்துவிட்டு, பிஸ்கட்டும் ஜூஸுமாகத் திரும்பி வந்தார். “முகையூர் ஆளாம். பாவம், ஆக்சிடெண்டு” என்றார். கை மடிப்பை அதற்கப்புறம்தான் இறக்கிவிட்டார்.

இன்னும் சில பரிசோதனைகள் நடந்தன. பிறவியிலேயே வருகிற வகையா, ரத்தம் தானே உடைகிற இன்னொரு நோயா, வைட்டமின் குறைவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்கினார்கள். கலீலுக்கும் தங்கை தஸ்லீமாவுக்கும் பொருத்தம் பார்க்க மாதிரி எடுத்தார்கள். கோட்டக்குப்பத்திலிருந்து தஸ்லீமா பஸ் ஏறி வந்து கையை நீட்டிவிட்டுப் போனாள்.

கலீலுக்குப் பொருந்தவில்லை. தஸ்லீமா முழுக்கப் பொருந்தினாள்.

கலீல் வராத அந்த நாளில் செண்பகம் பேசியதுதான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. அவருக்கு அது தெரியாது.

“ரெண்டு வழி இருக்குங்க. ஒண்ணு, தங்கச்சியோட மஜ்ஜையை வைக்கிறது. உங்க பழைய மஜ்ஜையை மருந்தால சுத்தமா அழிச்சிட்டு, அவங்க தாய்ச்செல்லை ரத்தம் ஏத்துற மாதிரி ஏத்துவோம். அது போய் எலும்புக்குள்ள உக்காந்து வளரும். இன்னொண்ணு, மருந்து. குழம்பிப்போன காவல்காரனை அடக்குறது. மிச்சம் மீதி இருக்கிற தாய்ச்செல் மெதுவா பெருகும். எது முதல்லங்கிறதை ரெண்டு விஷயம் வெச்சுத்தான் முடிவு பண்றோம். பொருந்தற கூடப்பிறந்தவங்க இருக்காங்களா. வயசு என்ன.”

“வயசா?” என்றாள் சபியா.

“ஆமா. நாற்பதுக்கு இந்தப் பக்கம்னா, கூடப்பிறந்தவங்க பொருந்தினா, மாற்றுதான் முதல். நோய் வேரோட போயிடும். நாற்பது தாண்டினா அதே மாற்று ஆபத்து. வந்த செல்லு புது உடம்பை ஏத்துக்காம தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கும். வயசு ஏற ஏற அது கடுமையாகும், உடம்பும் தாங்காது. அப்போ முதல்ல மருந்து, மாற்றைக் கையில இருப்பா வெச்சிக்குவோம். உங்களுக்கு முப்பத்தெட்டு. தங்கச்சி முழுசா பொருந்துறாங்க. அதனால சென்னைக்கு அனுப்பலாம்னு நினைக்கிறேன்.”

சிக்கந்தர் நிமிர்ந்து உட்கார்ந்தான். பல நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் பழைய கடைக்காரனின் களை வந்தது. “அல்ஹம்துலில்லாஹ். நாப்பதாவறதுக்குள்ள வந்துச்சே நோயி, அத சொல்லு” என்று மனைவியின் தோளைத் தட்டப்போய், நீலம் கட்டிவிடுமோ என்று கையை இழுத்துக்கொண்டான்.

சபியாவுக்கு வயது நாற்பத்து நாலு.

அந்தக் கணக்கு கல்யாணத்தில் மாறியது. அம்மா பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். எட்டு வருஷம் அவளைத் தூக்கித் துடைத்துப் பார்த்துக்கொண்டது சபியா. வந்த மாப்பிள்ளைகளெல்லாம் வாசலோடு போனார்கள். அம்மா மவுத்தாகி, துக்கம் ஆறி, அடுத்த வரன் வந்தபோது சபியாவுக்கு இருபத்தேழு. மாப்பிள்ளை திண்டிவனம், பெயர் சிக்கந்தர் பாட்சா, வயது இருபத்து நாலு. மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள், பெண் பையனைவிடச் சின்னவளாக இருக்க வேண்டும். வரன் கொண்டுவந்தவள், “இருபத்தொண்ணுன்னு சொல்லிடுங்க. ஒல்லி உடம்பு, யாரு பல்லைப் பிடிச்சா பாக்கப் போறாங்க” என்றாள். அத்தா பதில் சொல்லாமல் தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அதுவே சம்மதமாகிவிட்டது. பிறகு அட்டை, அடையாளம் எல்லாம் அந்த இருபத்தொன்றை ஒட்டியே வளர்ந்தன.

மாமியார் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷமாகிவிட்டது. அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் அந்தப் பொய் வீட்டில் ஒரு விளையாட்டாக மாறிவிட்டிருந்தது. “சின்னப்புள்ள, உனக்கென்ன தெரியும்” என்பான் சிக்கந்தர், கடைக் கணக்கிலிருந்து குழம்பு உப்பு வரை. அவனுக்குக் காது ஓரம் நரைத்தபோது, “உனக்கு நரைக்கிறதுக்குள்ள நான் கெழவனாயிடுவேன்டி” என்று கண்ணாடியில் பார்த்துப் பெருமூச்சு விட்டான். சபியா மருதாணி அரைத்த கையோடு நின்றாள். அவள் தலைக்கு மருதாணி போடுவது குளிர்ச்சிக்காக என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

தஸ்லீமா வந்தாள். வந்ததும் கதவைச் சாத்தினாள்.

“லாத்தா, மச்சான்கிட்ட சொல்லிட்டியா?”

“எத?”

“எதன்னு கேளு. நாப்பத்து நாலை.”

“மெதுவா பேசு.”

“ஏன் மெதுவா? சென்னைக்குப் போய்ப் படுத்துக்கினு, முப்பத்தெட்டுன்னு அவங்க குடுக்குற மருந்து நாப்பத்து நாலுக்குள்ள போனா என்னாவும்? அந்தம்மா தெளிவா சொல்லியிருக்காங்க. என் செல்லு உன்னைய சாப்பிடும்.”

“உன் செல்லு எப்பவும் என் தட்டுலதான் சாப்பிடும்.”

“சிரிக்காத. நான் குடுக்க மாட்டேன்னு சொல்லல. எத்தனை தடவ வேணாலும் குடுக்குறேன். ஆனா என் மஜ்ஜையாலயே நீ போய்ட்டேன்னா, நான் எங்க போய் முட்டிக்கிறது?”

சபியா, “பதினேழு வருஷம்டி. இப்பப் போய், நான் உங்களுக்கு அக்கான்னு சொல்லவா?” என்றாள்.

“மூணு வயசு மூத்தவ. முப்பது வயசா மூத்துட்ட?”

“வயசு இல்லடி. தினமும் ‘சின்னப்புள்ள’ங்கறாரு. அவரு மூஞ்சியப் பாத்துக்கினு ஒவ்வொரு தடவையும் சிரிச்சேன் பாரு, அது.”

தஸ்லீமாவுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எதையும் செய்யாமல் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டாள்.

அதற்கடுத்த வாரம் விழுப்புரத்தில் தட்டணு ஏற்றப் போனபோது, சிக்கந்தர் மருந்து வாங்க வெளியே போயிருந்த நேரத்தில், சபியா டாக்டரிடம் சொன்னாள். இதற்காக அவள் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டிருந்தாள். சொன்னது ஒரே மூச்சில் முடிந்தது.

செண்பகம் பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. “இது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்மா. எங்க ஊர்ப்பக்கமும் இது உண்டு. நான்தான் ஒரு வார்த்தை கூடுதலா கேட்டிருக்கணும்.”

“மாத்துவீங்களா?”

“மாத்துவேன். நாற்பதுங்கறது சுவரு இல்ல. நாற்பத்தொண்ணுன்னா யோசிப்பேன். நாற்பத்து நாலு, அதோட உங்களுக்கு ஏற்கனவே ரெண்டு தடவ காய்ச்சல் வந்திருக்கு. மருந்துதான் முதல். குதிரையிலேர்ந்து தயாரிக்கிற ஒரு எதிர்ப்பு மருந்து, நாலு நாள் ட்ரிப்ஸ்ல போகும். அது அந்தக் காவல்காரனை அழிக்கும். கூடவே அவனைத் திரும்ப எழும்பவிடாம மாத்திரை, தாய்ச்செல்லைத் தூண்ட இன்னொரு மாத்திரை. இதை இங்கயே தனி அறையில குடுக்கலாம். பத்துப் பேருல ஆறேழு பேருக்குக் கேக்கும். ஆனா உடனே கேக்காது. மூணு மாசம், ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் ரத்தமும் தட்டணுவும் ஏத்திக்கிட்டே இருக்கணும், காய்ச்சல் வந்தா ஓடி வரணும். கேட்ட பிறகும் சிலருக்குத் திரும்ப வரும். எல்லாம் சொல்லிட்டேன்.”

“கேக்கலன்னா?”

“அப்போ தங்கச்சி இருக்காங்க. அவங்க எங்கயும் போகல.”

சபியா தலையசைத்தாள். பிறகு, “அவருகிட்ட…” என்று ஆரம்பித்தாள்.

“பொய் நான் சொல்ல மாட்டேன். உங்க விஷயத்தை உங்களைக் கேக்காம சொல்லவும் மாட்டேன்.”

சிக்கந்தர் மருந்துப்பையோடு வந்து உட்கார்ந்தபோது, செண்பகம் திட்டம் மாறியதைச் சொன்னார். எல்லா விவரத்தையும் வைத்துப் பார்த்ததில் மருந்து வழிதான் சரி, மாற்று பிறகு பார்க்கலாம் என்றார். சிக்கந்தருக்கு விளங்கவில்லை. “அன்னைக்கு மாற்றுதான் முதல்னீங்களே?” என்றான்.

“அவங்ககிட்ட கேளுங்க. நிதானமா பேசிக்குங்க” என்றார் டாக்டர்.

பஸ்ஸில் அவன் கேட்டான். சபியா முகக்கவசத்துக்குள்ளே மூச்சு விட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

“தஸ்லீமா மாட்டேன்னுட்டாளா?”

பஸ் மேம்பாலம் ஏறியது.

“அதான் அன்னைக்கு கதவச் சாத்திக்கினு பேசினாளா? மாப்பிள்ள வேணாம்னிருப்பாரு. சொல்லு சபியா.”

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆனால் அதற்கு அடுத்த கேள்வி நேராக வயதில் போய் நிற்கும். தலைவலி என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சிக்கந்தர் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். கீழே படுத்திருந்த சபியாவுக்கு எல்லாம் கேட்டது.

“நல்லாருக்கும்மா, நல்லாருக்கு. கூடப்பொறந்தவ இருந்தும் ஒங்க லாத்தாவுக்கு குதிர மருந்துதான்னு ஆயிப்போச்சு. இல்ல, நான் ஒண்ணும் கேக்கல. ஒனக்கு என்ன பேஜாரோ. முட்டி தேஞ்சிடும்னு யாராச்சும் சொன்னாங்களா? ஊசி வலிக்கு பயந்துக்கினியா? ஒங்க அம்மாவ எட்டு வருஷம் தூக்கினவம்மா அவ, நீ பள்ளிக்கூடத்துக்கு ரிப்பன் கட்டிக்கினு போனப்ப…” குரல் உடைந்தது. “மாதிரி குடுக்க வந்தப்ப எத்தன தடவ வேணாலும் தர்றேன்னியே, அந்த வாயி எங்க போச்சு?”

மறுமுனையில் தஸ்லீமா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்பது பிறகு தெரிந்தது. அன்றைக்கு அவள் வாட்ஸப்பில் அக்காவுக்கு ஒரே வரி அனுப்பியிருந்தாள்: *மருந்து நல்லபடியா ஏறட்டும் லாத்தா, மத்ததை நான் பாத்துக்கறேன்.*

சொந்தக்காரர்களுக்குள் செய்தி பரவியது. கலீலின் மனைவி, தஸ்லீமா வீட்டில் அவள் நாத்தனார் குழந்தைக்குப் பெயர் வைத்த விருந்துக்குப் போகவில்லை. “மஜ்ஜ கூடத் தராதவ வீட்டு பிரியாணி எதுக்கு” என்று அவர் சொன்னதாக நிலோஃபரே வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, “சின்னம்மா அப்படியாம்மா?” என்று கேட்டாள். பதினைந்து வயதுப் பெண்ணின் கண்களில் அருவருப்பைப் பார்த்தாள் சபியா. அது தன்மேல் விழவேண்டியது.

விழுப்புரத்தில் தனி அறை கிடைத்த அன்று, தோலில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு மருந்தை ஆரம்பித்தார்கள். முதல் பாட்டில் பாதி இறங்குவதற்குள் குளிர் தூக்கிப்போட்டது. கட்டில் ஆடியது. நர்ஸ் செல்வி ஓடிவந்து ஊசி போட்டு, வேகத்தைக் குறைத்து, நெற்றியைத் துடைத்தாள். “இது வரும்னு எதிர்பார்த்ததுதான்கா. உள்ள சண்டை நடக்குது. நல்ல சண்டை.”

சிக்கந்தர் இரண்டு கம்பளிக்கு மேல் தன் சட்டையையும் கழற்றிப் போர்த்தினான். பனியனோடு நின்றவனைப் பார்த்து செல்வி, “சார், சட்டைய போட்டுக்கினு உக்காருங்க. டாக்டரம்மா வந்தா எனக்குத்தான் திட்டு விழும்” என்றாள்.

குளிர் அடங்கியது. மருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. சிக்கந்தர் கட்டிலோரம் உட்கார்ந்து, தானாகப் பேச ஆரம்பித்தான்.

“இந்தக் கஷ்டமே வேணாம். அவ ஒருத்தி கைய நீட்டியிருந்தா… நீ நல்லாயி வா சபியா. அவ வீட்டு வாசப்படி நான் ஏற மாட்டேன். நீயும் ஏறக்கூடாது.”

“அவ கைய நீட்டத்தான் செஞ்சா” என்றாள் சபியா.

“என்ன?”

“தஸ்லீமா மாட்டேங்கல. நான்தான் டாக்டருகிட்ட போய்ச் சொன்னேன். எனக்கு முப்பத்தெட்டு இல்லீங்க. நாப்பத்து நாலு.”

அவன் முதலில் அதைக் காய்ச்சல் பேச்சென்று நினைத்தான். அவள் நெற்றியில் கை வைத்தான். நெற்றி சில்லென்று இருந்தது. அவள் முழுவதையும் சொன்னாள். அம்மா, எட்டு வருஷம், வரன் கொண்டுவந்தவள், அத்தாவின் தொப்பி, மருதாணி. நாற்பது தாண்டினால் மாற்று வைப்பது ஆபத்து என்று அன்றைக்கு டாக்டர் சொன்னதை அவன் மறந்திருக்கவில்லை. அந்தக் கணக்கு விளங்கியது அவன் முகத்தில் தெரிந்தது.

“அப்போ நீ எனக்கு…”

“மூணு வருஷம் மூத்தவ.”

அவன் சிரிப்பதுபோல ஒரு சத்தம் போட்டான். சிரிப்பு இல்லை. “எங்க அம்மாவுக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

“தஸ்லீமாவுக்குத் தெரியும். என்கிட்ட அத்தனை வாங்கிக் கட்டிக்கினு வாயத் தொறக்கல.”

“நான்தான் சொல்லணும்னு விட்டுட்டா.”

சிக்கந்தர் எழுந்து ஜன்னலோரம் போனான். கீழே ஆம்புலன்ஸ் ஒன்று பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தது. அவன் திரும்பியபோது, வயதைப் பற்றித்தான் பேசுவான் என்று சபியா காத்திருந்தாள். பதினேழு வருஷமாகச் சின்னப்புள்ள என்று சொன்னதைப் பற்றி, கடைத்தெருவில் நாலு பேர் சிரிப்பதைப் பற்றி. அதற்கான பதில்களை அவள் தயாராக வைத்திருந்தாள்.

“டாக்டரம்மா மாற்றுன்னு சொன்னதுக்கும் நீ அவங்ககிட்ட போனதுக்கும் நடுவுல எத்தன நாளு?”

“ரெண்டு வாரம் இருக்கும்.”

“ரெண்டு வாரம் என்ன யோசிச்ச?”

அவள் போர்வை நுனியைப் பிடித்தாள்.

“சென்னைக்குப் போய்ப் படுத்துக்கினு, என்ன ஆனாலும் ஆவட்டும்னு யோசிச்சியா? செத்தாலும் செத்துடலாம், இவன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு?” குரலை உயர்த்தாமல்தான் கேட்டான். “நான் அப்படிப்பட்ட ஆளாடி உனக்கு?”

சொட்டுகள் குழாயில் இறங்கிக்கொண்டிருந்தன. சபியா அவற்றைப் பார்த்தாள். ஆமாம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய். இனி ஒரு பொய்யைத் தாங்க அவளிடம் தெம்பில்லை.

செல்வி எட்டிப்பார்த்து, “சார், வெந்நி ஆறிடுச்சு, ஃபிளாஸ்குல புடிச்சிக்கினு வந்துடுங்க, மாத்திர போடணும்” என்றாள்.

சிக்கந்தர் இன்னும் கொஞ்சநேரம் நின்றான். சபியாவின் வாய் திறக்குமா என்று பார்ப்பதுபோல் நின்றான். பிறகு அலமாரியிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, அவள்மேல் போர்த்திய சட்டையை அப்படியே விட்டுவிட்டு, பனியனோடு அறையைவிட்டு வெளியே போனான்.